ஸ்கேன் மெஷின் பராமரிப்பு ஒப்பந்தம்: கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்

கும்பகோணத்தில் ஒரு மகப்பேறு கிளினிக் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு டாக்டரம்மா, இரண்டு நர்சுகள், 12 லட்ச ரூபாய்க்கு வாங்கிய கலர் டாப்ளர் ஸ்கேன் மெஷின். வாரண்டி முடிய ஒரு மாதம் இருக்கும்போது கம்பெனி ஆள் மூன்று விலைகளோடு வந்து நிற்கிறார். ஏ.எம்.சி. என்றால் ஆண்டுக்கு 36,000 ரூபாய். சி.எம்.சி. என்றால் 72,000. ப்ரோப்பும் சேர்ந்த சி.எம்.சி. வேண்டுமென்றால் 1,05,000. இவை உதாரணத்துக்குச் சொல்லும் தொகைகள்தான். கம்பெனிக்குக் கம்பெனி, ஊருக்கு ஊர் மாறும். ஆனால் மூன்றுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

இவற்றின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. மருத்துவச் சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருப்பதால் கிளினிக் தான் கட்டிய வரியை எங்கும் கழித்துக்கொள்ள முடியாது. கடைக்காரருக்கு அது திரும்பி வரும் பணம், டாக்டருக்கு அது செலவு. ஆகவே ஒப்பிட வேண்டிய உண்மையான தொகைகள் 42,480, 84,960, 1,23,900.

பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் ஏ.எம்.சி. என்றே சொல்லிவிடுகிறோம். சர்வீஸ் துறையில் ஏ.எம்.சி. என்றால் இன்ஜினியரின் கூலியும் வருகையும் மட்டும். மாற்றுகிற ஒவ்வொரு உதிரி பாகத்துக்கும் தனி பில் வரும். சி.எம்.சி.யில் உதிரி பாகமும் சேர்த்தி. மின்தடை வந்துபோன ஒரு மாலையில் பவர் சப்ளை போர்டு எரிந்தால் ஏ.எம்.சி. வைத்திருப்பவருக்கு இன்ஜினியர் இலவசமாக வந்து "போர்டு போயிடுச்சு" என்று சொல்வார். போர்டின் விலைக்கான கொட்டேஷன் மறுநாள் வரும். ஆட்டோகிளேவ், சக்ஷன் மெஷின் போல உதிரி பாகம் மலிவாகவும் உள்ளூரிலேயும் கிடைக்கிற சாதனங்களுக்கு ஏ.எம்.சி. போதும். போர்டு ஒன்றுக்கே லட்சக்கணக்கில் கேட்கிற ஸ்கேன் மெஷினுக்கு அது கொஞ்சம் துணிச்சலான சேமிப்பு.

நம் டாக்டரும் அந்த அளவுக்குத் தெரிந்தவர்தான். அவருக்கும் விற்பனையாளருக்கும் இப்படி ஒரு பேச்சு நடக்கும்.

"ப்ரோப் எல்லாம் இதுல வரும்ல தம்பி?"

"மூணாவது பிளான்ல எல்லாமே கவர் ஆகும் மேடம். பிசிக்கல் டேமேஜ் மட்டும் வராது."

அந்த 'மட்டும்' எவ்வளவு பெரியது என்பதுதான் கேள்வி.

ப்ரோப் என்பது வயிற்றின் மேல் வைத்து நகர்த்துகிற கைப்பிடி. கர்ப்பிணிகளுக்கு அதிகம் பயன்படும் வளைந்த முகமுள்ள கான்வெக்ஸ் ப்ரோப்புக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட நுண்ணிய படிகத் துண்டுகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். பல மாடல்களில் 128. ஒவ்வொன்றிலிருந்தும் மெல்லிய கம்பி கேபிளுக்குள் ஓடுகிறது. அதில் நாலைந்து செத்துப்போனால் படம் நின்றுவிடாது. மேலிருந்து கீழாக ஒரு மங்கலான நிழல் கோடு விழும். டாக்டர் கையைச் சற்றுச் சாய்த்து, அந்தக் கோட்டைத் தவிர்த்து வேலையை முடித்துவிடுவார். அப்படியே மாதங்கள் போகும்.

இந்தப் படிகங்கள் எப்படிச் சாகின்றன? கை தவறித் தரையில் விழுகிறது. கேபிள் டிராலி சக்கரத்தின் அடியில் நசுங்குகிறது. ஸ்பிரிட் விட்டுத் துடைத்துத் துடைத்து முன்பக்க ரப்பர் லென்ஸ் உப்பி, ஓரம் பிரிந்து, ஜெல் உள்ளே இறங்குகிறது. உள்ளுறுப்பு ஸ்கேனுக்கான ப்ரோப்பைக் கிருமிநாசினியில் ஊறவைக்கும்போது, தயாரிப்பாளர் குறித்த கோட்டுக்கு மேலே திரவம் ஏறிவிடுகிறது. இனி ஒப்பந்தத்தின் விலக்குப் பட்டியலைப் பாருங்கள்: கீழே விழுதல், கேபிள் சேதம், அங்கீகரிக்கப்படாத ஜெல்லோ கிருமிநாசினியோ பயன்படுத்துதல், திரவம் புகுதல், சாதாரணத் தேய்மானம். ப்ரோப் பழுதாகிற வழிகளில் பெரும்பாலானவை அந்தப் பட்டியலில் உட்கார்ந்திருக்கின்றன. "ப்ரோப் சேர்த்தி" என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் கொடுத்ததை, கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். இந்தக் காகிதத்தைப் பின்னாலிருந்து படிப்பதே நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

கம்பெனியையும் குறை சொல்ல முடியாது. கீழே போட்ட ப்ரோப்பை எல்லாம் மாற்றித் தருவதானால் அவர்கள் கேட்கும் தொகை இதைவிட வெகு அதிகமாக இருக்கும். சண்டை வருவது வேறு இடத்தில்: படிகம் தானாகச் செத்ததா, விழுந்து செத்ததா என்று யார் சொல்வது? ஒப்பந்தத்தில் எதுவும் எழுதாவிட்டால் கம்பெனியின் இன்ஜினியர் சொல்வதே தீர்ப்பு. "விலக்கைக் காட்டி மறுத்தால், என்ன பழுது, எதனால் என்று முடிவு செய்தார்கள் என்பதைப் படத்தோடு எழுத்தில் தரவேண்டும்" என்று ஒரு வரி சேர்க்கக் கேளுங்கள். வாயால் "பிசிக்கல் டேமேஜ்" என்று சொல்வது எளிது. ஓடு விரிசல் இல்லாத, கேபிள் தோல் கிழியாத ப்ரோப்பைப் பற்றி அப்படி எழுதிக் கையெழுத்துப் போடுவது அவ்வளவு எளிதல்ல.

அதைவிட முக்கியமான வேலை ஒன்று ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளிலேயே செய்ய வேண்டும். ப்ரோப்பைச் சுத்தமாகத் துடைத்து, ஜெல் இல்லாமல் காற்றில் பிடித்தபடி திரையைப் பாருங்கள். மேல் விளிம்பில் பளிச்சென்ற அடுக்கடுக்கான கோடுகள் தெரியும். அவை இடமிருந்து வலம்வரை ஒரே சீராக இருக்க வேண்டும். நடுவே இருண்ட இடைவெளி தெரிந்தால் அங்கே படிகமோ கம்பியோ போயிருக்கிறது. சந்தேகம் இருந்தால் காகிதம் குத்துகிற ஜெம் கிளிப் ஒன்றை எடுத்து, அதன் வழவழப்பான வளைவை முகத்தின் குறுக்காக வைத்து, கீறல் விழாமல் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெல்ல நகர்த்துங்கள். திரையில் ஒரு வெள்ளைக் கோடு கூடவே நகரும். எந்த இடத்தில் அது மங்குகிறதோ மறைகிறதோ, அங்கேதான் கோளாறு. ஒவ்வொரு ப்ரோப்புக்கும் இந்தப் படங்களைத் தேதியோடு சேமித்து, சர்வீஸ் ரிப்போர்ட்டில் சீரியல் எண்ணோடு சேர்த்து இன்ஜினியரிடம் கையெழுத்து வாங்கிவிட்டால், "இது பழைய பழுது மேடம், காண்ட்ராக்டுக்கு முன்னாடியே இருந்திருக்கு" என்ற வாதம் அன்றோடு முடிந்தது. ஆண்டுக்கு இரண்டு முறையோ நான்கு முறையோ வரும் பராமரிப்பு வருகையிலும் இதே சோதனை நடக்க வேண்டும் என்று எழுதிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் அந்த வருகை டிராக் பாலைத் துடைத்துவிட்டு, காபி குடித்துவிட்டு, படிவத்தில் கையெழுத்து வாங்கிப் போவதாகச் சுருங்கிவிடும்.

இனி கணக்கு. ப்ரோப் சேர்ந்த திட்டத்துக்கும் சேராததுக்கும் வித்தியாசம் ஆண்டுக்கு 38,940 ரூபாய். புதிய கான்வெக்ஸ் ப்ரோப் வரியோடு 1,80,000 என்று வைத்தால், நாலரை ஆண்டுக்கு ஒரு ப்ரோப்பாவது விலக்குக்குள் சிக்காமல் பழுதானால்தான் அந்தக் கூடுதல் பணம் ஈடாகும். இதில் மேலும் கேட்க வேண்டியவை உண்டு. ஆண்டுக்கு ஒரு ப்ரோப் மட்டும்தானா? மாற்றித் தருவது புதியதா, பழுது நீக்கியதா? பழையதைத் திருப்பித் தரவேண்டுமா? எத்தனை படிகம் செத்தால் மாற்றுவார்கள்? மூன்று ப்ரோப்புக்கும் சேர்த்துப் பணம் கட்டாமல், தினமும் உழைக்கிற கான்வெக்ஸுக்கு மட்டும் காப்பு கேட்டுப் பேரம் பேசினால் பல கம்பெனிகள் இறங்கி வரும். அச்சடித்த மூன்று திட்டங்கள் கடவுள் எழுதியவை அல்ல.

அடுத்தது நேரம். விற்பனையாளர் "24 மணி நேர ரெஸ்பான்ஸ் மேடம்" என்கிறார். ஒப்பந்தத்தில் "24 வேலை மணி நேரம்" என்று இருக்கிறது. வேலை நேரம் திங்கள் முதல் வெள்ளிவரை காலை 9.30 முதல் மாலை 5.30 என்று வேறொரு பக்கத்தில் வரையறை. வியாழன் மாலை 6 மணிக்கு, ஓ.பி. கூட்டமாக இருக்கும் நேரத்தில், மெஷின் நின்றுவிடுகிறது. அப்போதே போன் செய்தாலும் கடிகாரம் ஓடத் தொடங்குவது வெள்ளி காலை 9.30க்குத்தான். வெள்ளி எட்டு மணி நேரம், திங்கள் எட்டு, செவ்வாய் எட்டு. ஆக, செவ்வாய் மாலை 5.30க்குள் 'ரெஸ்பான்ஸ்' கொடுத்தால் கம்பெனி சொன்ன சொல் தவறவில்லை. டாக்டரோ வெள்ளி, சனி, திங்கள், செவ்வாய் என்று நான்கு நாள் கர்ப்பிணிகளை வேறு சென்டருக்கு அனுப்பியிருப்பார்.

ரெஸ்பான்ஸ் என்பது என்ன என்பதும் தனிக் கேள்வி. புகார் எண் எஸ்.எம்.எஸ்.ஸில் வருவதா, இன்ஜினியர் போனில் பேசுவதா, நேரில் வருவதா, மெஷின் மறுபடி ஓடுவதா? வரையறை இல்லையென்றால் முதலாவதே போதுமென்று சொல்லிவிடலாம். டாக்டருக்குத் தேவை கடைசியானது. ஆனால் "இத்தனை மணிக்குள் சரிசெய்து தருவோம்" என்று எந்தக் கம்பெனியும் எளிதில் எழுதித் தராது. அதில் ஒரு நியாயமும் இருக்கிறது: பல போர்டுகள் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், சுங்கத்தில் நிற்கும் நாட்களை இன்ஜினியர் குறைக்க முடியாது. ஆகவே அதை வற்புறுத்துவதைவிட, கம்பெனியின் கையில் இருக்கும் விஷயங்களைத் தனித்தனியாகக் கேட்பது பலன் தரும். போனில் பேச இரண்டு மணி நேரம், நேரில் வர மறுநாள், சனிக்கிழமையும் வேலைநாள், மாலை 8 மணிவரை வரும் புகார் அன்றைய கணக்கு. மாலையில் ஓ.பி. பார்க்கும் ஊர்களில் இந்தக் கடைசி வரி மிக அவசியம். அதோடு, இந்த மாடலைத் தெரிந்த இன்ஜினியர் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார், போர்டு எந்த ஊர் குடோனில் இருக்கிறது என்று நேராகக் கேட்டுவிடுங்கள். கும்பகோணத்துக்குத் திருச்சி சுமார் 90 கிலோமீட்டர், சென்னை ஏறக்குறைய 300. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் அந்தத் தூரம்தான் முதலில் பேசும்.

சில ஒப்பந்தங்களில் "95 சதவீத அப்டைம்" என்று இருக்கும். மருத்துவமனை டெண்டர்களில் பழகிப்போன எண் அது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆண்டில் மீதி 5 சதவீதம் என்பது 18 நாள். 98 சதவீதம் என்றால் 7 நாள். அந்த 18 நாளும் ஒரே மூச்சில் வந்தாலும் ஒப்பந்த மீறல் இல்லை. எதை 'நின்றது' என்று எண்ணுகிறார்கள் என்பதையும் பாருங்கள். மெஷின் ஆன் ஆகிறது, லீனியர் ப்ரோப் வேலை செய்கிறது, கான்வெக்ஸ் மட்டும் இல்லை என்றால் கம்பெனிக் கணக்கில் அது ஓடுகிற மெஷின். மகப்பேறு கிளினிக்குக்கோ அது நின்ற மெஷின். "கான்வெக்ஸ் படத்தைக் கொண்டு ரிப்போர்ட் எழுத முடியாத நிலை நின்றதாகவே கணக்கிடப்படும்" என்று எழுதச் சொல்லலாம்.

மீறினால் என்ன கிடைக்கும்? பெரும்பாலும், நின்ற ஒவ்வொரு நாளுக்கும் ஒப்பந்தக் காலம் ஒரு நாளோ இரண்டு நாளோ நீளும். 84,960 ரூபாய் ஒப்பந்தத்தில் ஒரு நாளின் மதிப்பு 233 ரூபாய். இரண்டு நாள் கொடுத்தாலும் 466. அதே நாளில் 12 ஸ்கேன், தலைக்கு 800 என்றால் கிளினிக் இழந்தது 9,600. வருமான இழப்புக்குப் பொறுப்பில்லை என்ற வாசகம் இந்த வகை ஒப்பந்தங்களில் வழக்கமானது. அதை நீக்கச் சொல்லிப் போராடுவது வீண். அபராதத்தை நம்பி நேர வாசகத்தை விட்டுவிடக் கூடாது என்பதுதான் இந்தக் கணக்கு சொல்வது.

சிலர் இதற்கு மாற்றாக "பழுது நீளுமானால் ஸ்டாண்ட்பை மெஷின் தருவோம்" என்ற வரியைக் கொடுப்பார்கள். வேறு சாதனத்துக்கு அது அருமையான சலுகை. அல்ட்ராசவுண்டுக்கு அதில் சட்டச் சிக்கல் உண்டு. கருவின் பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு ஸ்கேன் மெஷினும் கிளினிக்கின் பதிவுச் சான்றிதழில் இடம்பெற்றிருக்க வேண்டும். சாதனத்தில் மாற்றம் இருந்தால் 30 நாள் முன்னதாகவே உரிய அதிகாரியிடம் தெரிவித்து, சான்றிதழையும் மாற்றி வாங்க வேண்டும் என்பது விதி. வேனில் வந்து இறங்கிய மெஷினில் அன்றே ஸ்கேன் செய்தால், சீல் வைக்கப்படுவதும் வழக்கு வருவதும் டாக்டருக்குத்தான், கம்பெனிக்கு அல்ல. பழுதான மெஷினைக் கழற்றி சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப்போனாலும் எழுத்துமூலத் தகவலும் ரசீதும் இல்லாமல் கதவைத் தாண்டவிடக் கூடாது. இந்தக் காகித வேலையில் கம்பெனி தரவேண்டிய கடிதங்களை எத்தனை நாளில் தரும் என்பதை ஒப்பந்தத்திலேயே கேட்டுக்கொள்ளலாம். ஸ்டாண்ட்பை வரியைக் காட்டி விலையைக் கூட்டினால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

விலக்குகளில் இன்னும் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று கரண்ட். "மின்னழுத்த ஏற்ற இறக்கத்தால் ஏற்படும் சேதம்" சேராது என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கிறது. நம் ஊரில் எந்த போர்டு எரிந்தாலும் இதைக் காரணமாகக் காட்டலாம். ஆகவே ஒப்பந்தம் தொடங்கும் நாளில் எலக்ட்ரீஷியனை வைத்து, மெஷின் சொருகியிருக்கும் பாயிண்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று மல்டிமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். இன்ஜினியர்கள் பொதுவாக இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் எதிர்பார்ப்பார்கள். பத்து, பதினைந்து காட்டினால் எர்த் பிட்டில் தண்ணீர் வற்றியிருக்கலாம் அல்லது கம்பி துருவேறியிருக்கலாம். முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். ஆன்லைன் யு.பி.எஸ்., எர்த் அளவு இரண்டையும் சர்வீஸ் ரிப்போர்ட்டில் எழுதி, "இந்த நிலை தொடரும்வரை மின் விலக்கு பொருந்தாது" என்று ஒரு வாசகம் வாங்கிவிட்டால் அந்தக் கதவு ஓரளவு அடைபடும். யு.பி.எஸ். பேட்டரி எப்படியும் சேராது. அதற்குத் தனியாகப் பணம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். படம் எடுக்கும் தெர்மல் பிரிண்டரும் பெரும்பாலும் சேராது.

மற்றது எலி. சிரிக்காதீர்கள். எலி, பல்லி, எறும்பு ஆகியவற்றால் வரும் சேதம் விலக்குப் பட்டியலில் பெயரோடு இருக்கிறது, காரணத்தோடுதான் இருக்கிறது. இரவில் ஏ.சி. அறையின் பைப் ஓட்டை வழியாக வரும் எலிக்கு ப்ரோப் கேபிளின் ரப்பர் பிடிக்கும். இதில் பேரம் பேசிப் பலனில்லை. ஓட்டையை சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டு, கேபிளைத் தொங்கவிடாமல் கொக்கியில் சுற்றி மாட்டுவதே வழி.

நம் டாக்டர் எதை எடுப்பது? நான் அருகில் இருந்தால் நடுத் திட்டத்தையே எடுத்து, கான்வெக்ஸ் ப்ரோப் ஒன்றுக்கு மட்டும் கூடுதலாகப் பேசச் சொல்வேன். 72,000 என்பது 85,000 ஆனாலும் வரியோடு 1,00,300 ரூபாய்; மூன்றாவது திட்டத்தைவிட 23,600 குறைவு. மற்ற இரண்டு ப்ரோப்புகளுக்கு ஆண்டுதோறும் அந்த மிச்சத்தைத் தனியாக எடுத்துவைத்தால் போதும். பணத்தை ஒரே தவணையில் கட்டாமல் நான்காகப் பிரித்து, ஒவ்வொரு பராமரிப்பு வருகையின் ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகு அந்தக் காலாண்டுக்குரிய 25,075ஐக் கொடுக்கும்படி எழுதிக்கொள்ள வேண்டும். முழுத்தொகையும் முன்பணமாக வாங்கியவர் மூன்றாவது வருகையை மறப்பது சாதாரணம்.

இன்னொன்று, தேதி. வாரண்டி முடியும் நாளுக்கு மறுநாளே ஒப்பந்தம் தொடங்க வேண்டும். "யோசித்துச் சொல்கிறேன்" என்று இரண்டு மாதம் விட்டுவிட்டால் கம்பெனி தன் செலவில் அல்லாமல் உங்கள் செலவில் மெஷினைப் பரிசோதித்து, அதில் கண்ட பழுதையெல்லாம் உங்கள் பணத்தில் சரிசெய்த பிறகே ஒப்பந்தத்துக்குள் எடுக்கும். விற்பனையாளர் ஒரு மாதம் முன்னால் வந்ததே பேரம் பேசக் கிடைத்த அவகாசம். அதில் முதல் வாரத்திலேயே ஜெம் கிளிப் சோதனையைச் செய்து பார்த்துவிடலாம்: கான்வெக்ஸில் இருண்ட கோடு தெரிந்தால் வாரண்டி இன்னும் உயிரோடு இருக்கிறது, அன்றே புகார் எண் வாங்கிவிடுங்கள்.